பத்தே முக்கால் மணிக்கு எந்த இன்சென்டிவும் கிடைக்காது, தம்பி

"ஏனுங்கண்ணா, இன்னும் ரெண்டே ஆர்டருங்க, முடிச்சுட்டு வந்தர்றேன்." ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு மேல் சாப்பாடு டெலிவரி செய்கிற ரைடர்களிடமிருந்து வருகிற போன் எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. போன ஞாயிறு இதைச் சொன்ன பையன் இருபது நிமிடத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில், கவுண்டம்பாளையம் தாண்டி, சிவப்பு சிக்னலில் நுழைந்து காரில் மோதினான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் வண்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படி நடப்பது இது முதல் முறை இல்லை. அதனால்தான் ரைடர்களுக்கு ஷிப்ட் போடுகிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அவன் துரத்திய இன்சென்டிவ் ராத்திரி ஒன்பது மணிக்கே கைவிட்டுப் போய்விட்டது. அது அவனுக்குத் தெரியவில்லை. கணக்கைப் போட்டுக் காட்டினால் உங்களுக்கே புரியும்.

அன்றைய இன்சென்டிவ் சார்ட் இப்படி: 14 ஆர்டருக்கு 90 ரூபாய், 18-க்கு 180, 23-க்கு 330. டின்னர் பீக் 7 முதல் 11 வரை, அதில் மூன்றரை மணி நேரமாவது லாகினில் இருக்க வேண்டும். ஒரு ரிஜெக்டுக்கு மேல் போகக் கூடாது. 11 மணிக்குள் டெலிவரி ஆனதுதான் எண்ணிக்கையில் சேரும். உங்கள் நிறுவனத்தில், உங்கள் சோனில் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் பெரும்பாலான சார்ட்டுக்கு அமைப்பு இதுதான்.

பையன் காலை 10 மணிக்கே ஆர்.எஸ்.புரத்தில் லாகின் போட்டுவிட்டான். பதினொன்றேகால் வரை ஒரே ஒரு ஆர்டர். பதினொன்றேகாலிலிருந்து 3 மணி வரை எட்டு. மூன்றிலிருந்து ஆறேகால் வரை மரத்தடியில் உட்கார்ந்தும் டீக்கடையில் நின்றும் மூன்று. ஆக 12. அந்த மூன்றில் கடைசி ஆர்டர் அவனை வடவள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது. பீக் தொடங்குகிற நேரத்தில் அங்கிருந்து காலி வண்டியோடு எட்டு கிலோமீட்டர் திரும்பினான். சாயங்காலம் லாலி ரோடு சிக்னல் எப்படி இருக்கும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணிக்குப் போன் சார்ஜ் வேறு தீர்ந்து, ஒரு கடையில் கெஞ்சி ஏற்றினான். ஒன்பது மணிக்கு அவன் கணக்கில் 17.

23-க்கு இன்னும் 6 வேண்டும். கையில் இருப்பது 120 நிமிடம். டின்னர் பீக்கில் ஒரு ஆர்டர் எடுத்துக் கொடுத்து முடிக்கச் சராசரியாக 25 நிமிடம் ஆகும். 120-ஐ 25-ஆல் வகுத்தால் ஐந்துகூட முழுசாக வராது, அதாவது நாலு ஆர்டர். 17-ம் 4-ம் சேர்த்தால் 21. என்ன பறந்தாலும் 23 வராது. 18-க்கு ஒரே ஒரு ஆர்டர்தான் வேண்டியிருந்தது. அதை ஒன்பதரைக்குள் முடித்து 180-ஐ உறுதி செய்துகொண்டு, மீதியை நிதானமாக ஓட்டியிருந்தால் போதும். பத்தே முக்காலில் அவன் பையில் இருந்தது இருபத்தொன்றாவது ஆர்டர். அதை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் கிடைக்கப் போவது அதே 180 தான்.

இதை நாங்கள் ஒன்பது மணிக் கணக்கு என்று சொல்வோம். ஒன்பது மணி அடித்ததும் வண்டியை ஓரம் கட்டி ஒரு நிமிடம் இதைப் போடுங்கள். அடுத்த படிக்கு வேண்டிய ஆர்டர் நாலு அல்லது அதற்குக் கீழே என்றால் முயலலாம். ஐந்து என்றால் அந்தப் படியை அங்கேயே மறந்துவிடுங்கள். பத்து மணிக்கு அதே கணக்கு: 60 நிமிடம், இரண்டு ஆர்டர். மழை என்றால் 25-ஐ 40 ஆக்கிக்கொள்ளுங்கள், ஒன்பது மணிக்கு மூன்றுதான். ஐப்பசி மழையில் லங்கா கார்னர் பாலத்தடியும் கிக்கானி பள்ளிப் பாலத்தடியும் தண்ணீர் நின்றால் சுற்றிப் போகத்தான் வேண்டும். மழைக்குக் கூடுதலாகத் தருகிற காசு அந்த நேரத்துக்கான ஈடு. அதை இன்சென்டிவ் எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிற நம்பிக்கைக்கு வருகிறேன். வேகமாக ஓட்டினால் விட்ட படியைப் பிடித்துவிடலாம் என்கிறார்கள். முடியாது. எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, அதனால் பிரித்தே சொல்கிறேன்.

அந்த 25 நிமிடம் எங்கே போகிறது? கடைக்குப் போக 5 நிமிடம். கடையில் பார்சலுக்குக் காத்திருப்பது 8 முதல் 10. கஸ்டமரிடம் ஓட்டிப்போக 8. அப்பார்ட்மென்ட் கேட்டில் பெயர் எழுதி, லிஃப்டுக்கு நின்று, கொடுத்து வர 3. இதில் ஆக்சிலரேட்டரால் பெரிதாகக் குறைக்க முடிவது அந்த எட்டு நிமிடத்தில் ஒரு பங்கைத்தான். நாலு கிலோமீட்டரை மணிக்கு 30 சராசரியில் போனால் 8 நிமிடம். சிக்னலைத் தாண்டி, எதிர்ப்புறம் ஏறி, எப்படியோ 40 சராசரி கொண்டுவந்தால் 6 நிமிடம். மிச்சம் 2 நிமிடம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நாலு ஆர்டரிலும் இப்படியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் மொத்த மிச்சம் 8 நிமிடம். நாலு ஆர்டர் போக மீதியுள்ள 20 நிமிடத்தோடு சேர்த்தால் 28, ஐந்தாவது ஆர்டர் நூலிழையில்தான் நுழையும். பையனுக்கு வேண்டியிருந்த ஆறாவது நுழையவே நுழையாது. பார்சல் கவுண்டரில் ஒரு தடவை பத்து நிமிடம் கூடுதலாக நின்றால் மிச்சம் பிடித்தது முழுக்கப் போய்விடும். நேரம் கரைவது ரோட்டில் இல்லை, கடை வாசலில். அதைக் கவனிக்காமல் ரோட்டில் உயிரை விடுகிறீர்களே, கண்ணுகளா.

கடை வாசலில் நேரத்தைக் காப்பாற்ற வழி உண்டு. ஞாயிறு ராத்திரி எட்டரைக்குப் பேர்போன ஒரே பிரியாணிக் கடை முன்னால் போய் நிற்காதீர்கள். அங்கே ஏற்கெனவே பத்து ரைடர் நிற்பார்கள், சமையலறை ஒன்றுதான். நாலைந்து சிறிய கடைகள் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். புரட்டாசியில் அசைவக் கடைப் பக்கமே நிற்க வேண்டாம், டிபன் கடைகள் பக்கம் வாருங்கள். கடைக்கு வந்து சேர்ந்ததும் ஆப்பில் அதைப் பதியுங்கள். வருவதற்கு முன்பே பதிந்தால் ஜிபிஎஸ் காட்டிக்கொடுக்கும், பதியவே மறந்தால் காத்திருந்த நேரம் உங்கள் பெயரில் தாமதமாக ஏறும். பீளமேட்டில் காலேஜ் ஹாஸ்டல் ஆர்டர் என்றால் கிளம்பும்போதே போன் செய்து கேட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நாள் முழுக்க லாகினில் கிடப்பது. நேரம் அதிகமானால் காசும் அதிகமாகும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. அதே ஞாயிறு, அதே சோன், இன்னொரு ரைடர். பதினொன்றேகாலிலிருந்து மூன்று வரை ஒரு ஸ்லாட், எட்டு ஆர்டர். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்து, போனையும் பவர் பேங்கையும் முழுசாக ஏற்றிக்கொண்டு ஆறேகாலுக்கு ஆர்.எஸ்.புரத்திலேயே லாகின். ஒன்பது மணிக்குள் ஆறு, மொத்தம் 14. ஒன்பது மணிக் கணக்கில் 18-க்கு நாலு வேண்டும், முடியும் என்று வந்தது, முடித்தார். எட்டரை மணி நேர வேலை, 18 ஆர்டர், 180 ரூபாய் இன்சென்டிவ்.

நம் பையன் 13 மணி நேரம் கிடந்து, 21-ஐயும் முடித்திருந்தாலும் அதே 180. கூடுதலாக மூன்று ஆர்டர். ஆர்டருக்கு 35 ரூபாய் என்று வைத்தால் 105. அந்த மூன்றுக்கு ஏழேழு கிலோமீட்டராக 21, வடவள்ளியிலிருந்து காலியாக வந்த 8, ஆக 29 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கொடுக்கிற வண்டிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல், சுமார் 75 ரூபாய். நாலரை மணி நேரம் கூட உழைத்ததற்குக் கையில் நிற்பது 30 ரூபாய். அதுவும் டீக்கும் வடைக்கும் போயிருக்கும்.

இதனால் முதல் நாள் ராத்திரியே எந்தப் படி என்று முடிவு செய்துவிட்டு ஸ்லாட் எடுங்கள். இரண்டு பீக்கையும் முழுசாக எடுங்கள், நடுவை விடுங்கள். திருப்பூரில் ஓட்டுகிறவர்கள் சனிக்கிழமை ராத்திரியை விடாதீர்கள், பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் அன்றைக்குத்தான். எடுத்த ஸ்லாட்டைக் கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால் அடுத்த வாரம் நல்ல ஸ்லாட் கைக்கு வருவது கஷ்டம். பீக்குக்கு அரை மணி முன்பு தூரத்து ஆர்டர் வந்தால், கையில் ஒரு ரிஜெக்ட் மிச்சம் இருந்தால், அதை அங்கே செலவழியுங்கள். காலையில் இரண்டாவது மாடி ஏறச் சோம்பல்பட்டு ரிஜெக்ட் போட்டுவிட்டு, சாயங்காலம் வழி இல்லாமல் வடவள்ளி போகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம்.

காலையில் லாகின் போட்டதும் சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அடியில் இருக்கிற நிபந்தனைப் பக்கத்தையும் சேர்த்து. ஒரே கடையிலிருந்து சேர்த்துக் கொடுக்கிற இரண்டு ஆர்டர் ஒன்றாக எண்ணப்படுமா இரண்டாகவா, கஸ்டமர் கேன்சல் செய்தது சேருமா, நேரம் ஆர்டர் விழுந்ததை வைத்தா டெலிவரியை வைத்தா என்று அதில்தான் இருக்கும். காசு குறைந்துவிட்டது என்று வருகிற புகார்களில் பாதி இந்த மூன்றில் ஒன்று. ஸ்கிரீன்ஷாட் இருந்தால் டிக்கெட் போட்டு வாதாடலாம். வாய்வார்த்தையாக "காலைல 17-ன்னுதான் போட்டிருந்துச்சுங்க" என்றால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். விழுந்துவிட்டால் பயத்தில் உடனே லாகவுட் செய்துவிடாதீர்கள். ஆர்டர் போச்சே என்று நினைத்து அந்தப் பையன் முதலில் செய்தது அதுதான். நிறுவனங்கள் தருகிற விபத்துக் காப்பீடு பொதுவாக வேலையில் இருக்கும்போது நடந்த விபத்துக்குத்தான், அதற்குச் சாட்சி உங்கள் லாகின். ஆப்பில் இருக்கிற அவசர பட்டனை அழுத்துங்கள், ஆர்டரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 108-க்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் விபத்து என்று பதிவு செய்யச் சொல்லுங்கள், வண்டியிலிருந்து தானாக விழுந்தேன் என்று மழுப்ப வேண்டாம். அந்தச் சீட்டும் அன்றைய ஆர்டர் விவரமும் இருந்தால்தான் ஆறு வாரச் சம்பளத்தில் கொஞ்சமாவது கேட்டு வாங்கித்தர முடியும். அவனுக்காக இப்போது அந்தத் தாள்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.