சதுர அடிக் கணக்கில் பிளாங்க் வாங்காதீர்கள்

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சென்ட்ரிங் அடிக்காமல், முன்வார்ப்பு கான்கிரீட் பிளாங்க் அடுக்கித் தளம் போடலாம் என்கிறார்கள். 14க்கு 12 அறைக்கு எத்தனை பிளாங்க் வேண்டும்? மேஸ்திரி சதுர அடியைப் பெருக்கி ஒரு எண் சொல்கிறார்.”

அந்த எண் சரியாக அமைந்தால் அது தற்செயல்தான்.

இந்த முறையை வகுத்தது ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். சுவரிலிருந்து சுவருக்கு ஜாயிஸ்ட் எனப்படும் சிறு உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மேல் பிளாங்க்குகளைப் பக்கம் பக்கமாக அடுக்குவார்கள். பிளாங்க்கின் அகலம் 30 செ.மீ., நீளம் அதிகபட்சம் 150 செ.மீ., எடை சுமார் 50 கிலோவுக்குள். அதனால் கிரேன் தேவையில்லை, இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஜாயிஸ்ட் 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். இந்த அளவு ஜாயிஸ்ட் 4 மீட்டர் இடைவெளி வரைதான் தாங்கும்.

வாசகரின் அறை, உள்ளளவில் 4.30 மீ. நீளம், 3.60 மீ. அகலம் என்று வைப்போம். 4.30 மீட்டரை ஒரே ஜாயிஸ்ட் தாண்ட முடியாது, எனவே ஜாயிஸ்ட்டுகள் 3.60 மீட்டரின் குறுக்கே போகும். இரண்டு ஜாயிஸ்ட் போட்டால் அறை மூன்று கட்டங்களாகும். பிளாங்க் சுவரில் 7.5 செ.மீ., ஜாயிஸ்ட்டில் 5 செ.மீ. உட்காரட்டும். சுவர் முகத்திலிருந்து 1.40 மீட்டரில் முதல் ஜாயிஸ்ட்டின் மையம், அங்கிருந்து 1.50 மீட்டரில் அடுத்தது என்று வைத்தால், மூன்று கட்டத்துக்கும் 1.45 மீ. என்ற ஒரே நீளம் போதும். வார்ப்பு அச்சு ஒன்றே போதும் என்பது சின்ன லாபம் இல்லை. இதே அறை 4.50 மீ. இருந்திருந்தால்? 1.50 ஆல் வகுத்து “மூன்று கட்டம்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் சுவரில் உட்காரும் பகுதியையும் சேர்த்தால் பிளாங்க் 151.7 செ.மீ. ஆகி, வரம்பைத் தாண்டிவிடும்.

ஆக, ஜாயிஸ்ட்டுகளுக்கு இடையிலான இடைவெளி முடிவு செய்வது பிளாங்க்கின் நீளத்தை. எண்ணிக்கையைத் தருவது, பிளாங்க் வரிசையைத் தாங்கும் சுவரின் நீளம். 3.60 மீட்டரை 0.30 ஆல் வகுத்தால் கட்டத்துக்கு 12, மூன்று கட்டத்துக்கு 36. இங்கே 30 என்பது இணைப்புச் சாந்தும் சேர்ந்த அளவு. அச்சையே முழு 30க்குச் செய்துவிட்டு இடையில் சாந்தும் வைத்தால், பன்னிரண்டாவது பிளாங்க்குக்கு இடம் இருக்காது.

பரப்பளவை வகுத்தாலும் இந்த அறைக்கு 36தான் வரும். சுவரை 3.75 மீ. ஆக்கிப் பாருங்கள். பரப்புக் கணக்கு 38 என்று சொல்லும். நிஜத்தில் கட்டத்துக்கு 12 பிளாங்க் போக 15 செ.மீ. மிஞ்சும். ஒரு பிளாங்க்கை நெடுக்கே இரண்டாகப் பிளந்து இரண்டு கட்டங்களில் போட இது பலகை இல்லை, உள்ளே கம்பி ஓடுகிறது. 36 பிளாங்க் வாங்கி, மூன்று இடுக்கிலும் கம்பி வைத்து அங்கேயே கான்கிரீட் இட வேண்டும். இல்லையென்றால் மூன்று குறுகிய பிளாங்க் தனியாக வார்க்க வேண்டும். மனையடி சாஸ்திரம் பார்த்து அறையை அரை அடி கூட்டிக் குறைப்பவர்கள், சுவர் 30 ஆல் வகுபடுகிறதா என்றும் ஒரு தடவை பார்த்தால் புண்ணியம்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பிளாங்க் சீரான தடிமன் கொண்டதல்ல. நடுவில் 6 செ.மீ., ஜாயிஸ்ட் மேல் உட்காரும் முனைகளில் 3 செ.மீ. இரண்டு பக்கத்துப் பிளாங்க்கும் வந்து அமர்ந்ததும் ஜாயிஸ்ட்டின் மேல் நெடுக ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்குள் ஜாயிஸ்ட்டின் ரிங் கம்பிகள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பிளாங்க் முனைகளுக்கும் நடுவே நாம் 5 செ.மீ. விட்டது அவற்றுக்காகத்தான். பள்ளத்தில் கான்கிரீட் நிரப்பி இறுகியதும் ஜாயிஸ்ட்டும் பிளாங்க்கும் ஒன்றாகி, ‘T’ வடிவ உத்தரம் பிறக்கிறது. பாரம் ஏறினால் உத்தரத்தின் மேல்பகுதி நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பகுதி இழுபடும். நசுக்கத்தைத் தாங்குவது கான்கிரீட்டின் பலம், அந்த வேலையை இப்போது அகலமான மேல் தகடு செய்கிறது. இழுவையைக் கீழே உள்ள கம்பி பார்த்துக்கொள்கிறது. உயரம் 15லிருந்து 21 செ.மீ. ஆவதால் இரண்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது. கம்பி அதேதான், ஆனால் தாங்கும் பாரம் அதிகம்.

இதன் மறுபக்கம், அந்தக் கான்கிரீட் இறுகும் வரை ஜாயிஸ்ட் வெறும் 15 செ.மீ. உத்தரம்தான். பிளாங்க், ஈரக் கான்கிரீட், மேலே நடமாடும் ஆட்கள் எல்லாம் அதன் தலையில். நடுவில் ஒரு முட்டுக் கொடுக்காமல் ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதுபோல, பிளாங்க்குகளை அடுக்கி வைக்கும்போது கட்டையை இரு முனைகளுக்கும் அருகே வையுங்கள். நடுவில் மட்டும் வைத்தால் முனைகள் தொங்கி, கம்பி இல்லாத மேல்பக்கம் இழுபட்டு, நடுவில் குறுக்காக ஒரு கீறல் விழும். அப்படிக் கீறல் விழுந்த பிளாங்க்கை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.