மைனஸ் 70-ல் இருந்த ஃப்ரீசர் 58 டிகிரி காட்டிய கதை

ஆய்வக மாதிரிகளை வைக்கும் ஆழ்குளிர் ஃப்ரீசர் ஒன்றுக்கு வெப்பநிலை காட்டும் சிறிய போர்டு ஒன்றைச் செய்து கொடுத்திருந்தோம். உள்ளே மேலே ஒரு சென்சார், கீழே ஒரு சென்சார். இரண்டின் சராசரியைத் திரையில் காட்ட வேண்டும், அளவு மீறினால் அலாரம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பொருத்திய மறுநாளே போன் வந்தது. திரையில் 58 டிகிரி, அதுவும் பிளஸ் 58. அலாரம் நிற்கவே இல்லை. கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் உறைந்துதான் கிடக்கிறது.

முதலில் வயரைச் சந்தேகப்பட்டோம். அப்புறம் சென்சாரை மாற்றினோம். கொஞ்ச நேரம் கதவு திறந்திருந்ததில் திரை சரியான எண்ணுக்குத் திரும்பியது. ‘பழுது போய்விட்டது’ என்று மூடினோம். குளிர் ஏற ஏற -62, -63, -64 என்று ஒழுங்காக இறங்கிய எண், அதற்கு அடுத்து 63 என்று குதித்தது. அந்தக் குதிப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன். வன்பொருள் பழுது இப்படி ஒரு எல்லைக் கோட்டில் நின்று குதிக்காது.

உண்மையான சராசரி -70, திரை காட்டியது 58. இரண்டுக்கும் வித்தியாசம் 128. தவறான விடைக்கும் சரியான விடைக்கும் நடுவே 128, 256, 65536 மாதிரி இரண்டின் அடுக்கு ஒன்று வந்து உட்கார்ந்தால், அகலம் போதாத இடத்தில் ஓர் எண்ணை அடைத்திருக்கிறோம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். இதை நான் அன்றைக்குத்தான் கற்றேன். அதற்குள் ஒரு சென்சார் வீண்.

சென்சார்கள் அனுப்பிய பைட்டுகளை அப்படியே ஹெக்ஸில், அதாவது 16 அடிமான எண்ணாக, எடுத்துப் பார்த்தோம். மேல் சென்சார் `B8`, கீழ் சென்சார் `BC`. இவை சரியா? இதற்கு 8 பிட்டில் மைனஸ் எண் எப்படி உட்காருகிறது என்று தெரிய வேண்டும். பாடப்புத்தகத்தில் ‘2-ன் நிரப்பு’ என்று படித்திருப்போம், வேலையில் டூஸ் காம்ப்ளிமென்ட் என்கிறோம்.

-72ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் குறியை மறந்துவிட்டு 72ஐ இரும எண்ணாக எழுதினால் 1001000. இதில் ஏழு இலக்கம்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். நேராகப் பிட்டுகளைப் புரட்டிவிடுவார்கள்: 0110111. ஒன்றைக் கூட்டினால் 0111000. ‘எட்டு பிட் ஆகவில்லையே’ என்று முன்னால் ஒரு சுழியம் போட்டால் 00111000, அதாவது பிளஸ் 56. எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் இங்கே எல்லாம். அகலத்தை முதலில் நிரப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் புரட்டல்.

```
 72            01001000
புரட்டினால்     10110111
1 கூட்டினால்    10111000   = B8
```

சரிபார்க்க ஒரு சுலப வழி உண்டு. 8 பிட்டில் -72 என்றால் 256-லிருந்து 72ஐக் கழித்த எண், அதாவது 184. 128 + 32 + 16 + 8 கூட்டினால் அதே 184 வருகிறது. உண்மையில் புரட்டி ஒன்று கூட்டுவது என்பதே இந்தக் கழித்தலைத்தான் வேறு வழியில் செய்கிறது: எட்டு ஒன்றுகளிலிருந்து, அதாவது 255-லிருந்து, 72ஐக் கழித்தால் பிட்டுகள் புரளும், விட்டுப்போன ஒன்றைக் கூட்டினால் 256 கணக்கு நேராகிவிடும். காகிதத்தில் இன்னும் வேகமாகச் செய்ய, வலப்பக்கமிருந்து முதல் 1 வரும் வரை அப்படியே எழுதிவிட்டு, அதற்கு இடப்பக்கம் இருப்பதை மட்டும் புரட்டினால் போதும். 01001000-ல் கடைசி நான்கு இலக்கமான 1000 அப்படியே நிற்கும், முன்னால் உள்ள 0100 மட்டும் 1011 ஆகும். விடை அதே 10111000.

இதே மாதிரி -68 போட்டால் 10111100, அதாவது `BC`. ஆக சென்சார்கள் இரண்டும் -72, -68 என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

புரட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்த எண் அந்த அகலத்துக்குள் அடங்குமா? 8 பிட்டில் -128 முதல் 127 வரைதான் இடம். -200ஐ யாராவது அடைக்கப் பார்த்தால், 200 என்பது 11001000, புரட்டி ஒன்று கூட்டினால் 00111000. இடக்கோடி பிட், அதாவது குறி பிட், சுழியமாக நிற்கிறது. மைனஸ் எண்ணை மாற்றப்போய் பிளஸ் எண் கையில் வந்தால், மாற்றிய விதம் தவறு அல்லது அகலம் போதவில்லை. (எல்லையில் நிற்கும் -128 ஒரு வினோதம். 10000000ஐப் புரட்டி ஒன்று கூட்டினால் திரும்பவும் 10000000தான் வரும். 8 பிட்டில் பிளஸ் 128 கிடையாதே, வேறு எங்கே போகும்!)

சரி, சென்சார்கள் சரி, மாற்றமும் சரி. மிச்சம் இருப்பது கூட்டல்.

```
   10111000    (-72)
 + 10111100    (-68)
 -----------
 1 01110100
```

ஒன்பதாவது பிட்டாக வந்த கேரிக்கு இடமில்லை, அது வெளியே விழுந்துவிடுகிறது. மிச்சம் 01110100, அதாவது பிளஸ் 116. இரண்டால் வகுத்தால் 58. திரையில் வந்த அதே 58.

இப்படி விடை அகலத்துக்குள் அடங்காமல் போவதைத்தான் ஓவர்ஃப்ளோ என்கிறோம். இங்கே பலர் ‘பார், கேரி வெளியே வந்திருக்கிறது, அதனால்தான் ஓவர்ஃப்ளோ’ என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவரோடு நான் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். -30, -20 இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 11100010, 11101100; கூட்டினால் கேரி வெளியே விழும், மிச்சம் 11001110. அது -50, சரியான விடை. கேரி இருந்தும் ஓவர்ஃப்ளோ இல்லை. மறுபக்கம், 100-ஐயும் 50-ஐயும் கூட்டினால் 10010110. கேரி எதுவும் வெளியே வரவில்லை, ஆனால் விடை -106 என்று படிக்கும். குறியுள்ள எண்களில் வெளியே விழும் கேரி மட்டும் எதையும் சொல்லாது. அது குறியில்லாத எண்களுக்கான அடையாளம்.

பார்க்க வேண்டியது குறியை. ஒரு பிளஸும் ஒரு மைனஸும் கூடினால் விடை இரண்டுக்கும் நடுவில்தான் விழும், அதில் ஓவர்ஃப்ளோ வரவே வராது. ஒரே குறியுள்ள இரண்டு எண்களைக் கூட்டி, விடையின் குறி மாறியிருந்தால் அது ஓவர்ஃப்ளோ. நம் கணக்கில் இரண்டும் மைனஸ், விடை பிளஸ். பிட் அளவில் இதையே வேறு விதமாகச் சொல்லலாம்: குறி பிட்டுக்குள் நுழையும் கேரியும் அதிலிருந்து வெளியேறும் கேரியும் வேறுபட்டால் ஓவர்ஃப்ளோ. மேலே உள்ள கூட்டலில் கீழ் ஏழு பிட்டுகள் 56ம் 60ம், கூட்டினால் 116. 128ஐ எட்டவில்லை, அதனால் உள்ளே நுழைந்த கேரி 0. வெளியேறியது 1. ப்ராசசர்கள் இந்த வேறுபாட்டை ஒரு ஃபிளாகில் வைக்கின்றன; ARM-ல் அதன் பெயர் `V`, x86-ல் `OF`. கேரிக்கு அவற்றில் தனி ஃபிளாக்.

இனி எங்கள் கோடுக்கு வருவோம். நான் எழுதிய முதல் வடிவம் ஒரே வரி. அது சரியாகவே வேலை செய்தது. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பின்னால் ஒருவர் அதை இரண்டாக உடைத்தார்:

```c
int8_t sum = a + b;
int8_t avg = sum / 2;
```

பார்க்க ஒன்றுதானே என்று தோன்றும். C மொழியில் `int8_t` இரண்டைக் கூட்டும்போது இரண்டும் முதலில் `int` ஆக விரிகின்றன. அதனால் `(a + b) / 2` என்று ஒரே வரியில் எழுதும்போது நடுவில் வரும் -140 பத்திரமாக இருந்தது; வகுத்த பின் -70 ஆகி 8 பிட்டுக்குள் அடங்கியது. உடைத்தபோது -140 நடுவழியிலேயே 8 பிட்டுக்குள் திணிக்கப்பட்டது. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூட விடவில்லை, ஏனென்றால் `-Wconversion` போட்டிருக்கவில்லை.

எங்கள் சோதனையில் ஏன் மாட்டவில்லை என்று கேட்கலாம். எங்களிடம் இருந்த ஃப்ரீசர் -40க்குக் கீழே போகாது. கூட்டுத்தொகை -80, அடங்கும். சராசரி -64 வரை கூட்டுத்தொகை -128, அதுவும் அடங்கும். -64-ம் -65-ம் கூடி -129 ஆனால், அது 127 ஆகச் சுருண்டு, வகுத்தால் 63. திரையில் பார்த்த குதிப்பு இதுதான்.

இதில் எனக்கு இன்னும் வியப்பான ஒரு விஷயம், வகுத்தல் இல்லாவிட்டால் இந்தத் தவறு வெளியே தெரியாமலே போயிருக்கக்கூடும் என்பது. 8 பிட்டில் 100 + 50 - 60 போடுங்கள். நடுவில் -106 ஆகிறது, ஆனால் அதிலிருந்து 60 போனால் -166, அது சுருண்டு 90. சரியான விடை! இறுதி விடை அகலத்துக்குள் அடங்கினால், கூட்டல் கழித்தல் மட்டும் இருக்கும் வரை நடுவில் நடந்த சுருளல்கள் தாமாகவே நேராகிவிடும். வகுத்தலோ ஒப்பீடோ நடுவில் வந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

அகலமான இடத்தில் கூட்டுவதே எங்களுக்குத் தீர்வானது: `int sum = a + b;`. சின்ன எண்களுக்கு இது போதும். `int` தானே நிரம்பி வழியும் இடங்களில் கதை வேறு. அங்கே கூட்டிய பிறகு சரிபார்க்கலாம் என்று இப்படி எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன்:

```c
if (b > 0 && a + b < a) error();
```

பிட் கணக்கில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் C-ல் குறியுள்ள `int` நிரம்பி வழிந்தால் என்ன நடக்கும் என்பது வரையறுக்கப்படவே இல்லை. அப்படி நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் இந்த நிபந்தனை எப்போதுமே பொய். ஆப்டிமைசேஷன் போட்டதும் முழு வரியும் சத்தமில்லாமல் காணாமல் போகலாம். டீபக் பில்டில் பிடிக்கும், ரிலீசில் பிடிக்காது. கூட்டுவதற்கு முன்பே பார்ப்பதுதான் வழி:

```c
if ((b > 0 && a > INT_MAX - b) ||
    (b < 0 && a < INT_MIN - b)) error();
```

GCC, Clang இரண்டிலும் `__builtin_add_overflow(a, b, &r)` இருக்கிறது. ஓவர்ஃப்ளோ என்றால் உண்மை என்று திருப்பித் தரும், எழுதவும் சுலபம். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அந்த ஃப்ரீசர் போர்டின் சோதனைப் பட்டியலில் இப்போது நான்கு ஜோடிகள் கூடுதலாக உள்ளன: -64ம் -64ம், -64ம் -65ம், 127ம் 1ம், -128ம் -128ம். இவற்றைச் சோதிக்க ஃப்ரீசரே தேவையில்லை, பைட்டுகளைக் கையால் கொடுத்தால் போதும்.