நின்றுபோன மூட்டு ஏன் குறைந்த மின்னோட்டத்தைக் காட்டியது?

சில மாதங்களுக்கு முன் பழுதுபார்க்க வந்த ஒரு ரோபோ கையில், முழங்கை மூட்டின் மோட்டார் மட்டும் கருகிய வார்னிஷ் வாசத்துடன் இருந்தது. மின்னோட்டத்தை அளக்க அதில் ஐஎன்ஏ219 சிப் இருந்தது. 2 ஆம்பியரைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும்படி நிரலும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த வரம்பு ஒருமுறைகூடத் தாண்டப்படவில்லை.

அந்த அளவி பேட்டரிக்கும் மோட்டாரை இயக்கும் டிரைவருக்கும் இடையே இருந்தது முதல் காரணம். சப்ளை 12 வோல்ட், மோட்டார் சுருளின் மின்தடை 2.4 ஓம். டிரைவர் மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தருகிறது; அது தரும் நேரத்தின் பங்குதான் பிடபிள்யூஎம் சதவீதம். கை எடை தூக்கும்போது பிடபிள்யூஎம் 80 சதவீதம், மோட்டாரில் 1.2 ஆம்பியர் ஓட, சப்ளையில் அதன் 80 சதவீதமான 0.96 ஆம்பியர் தெரிந்தது. ஒரு நாள் கை, மேசை விளிம்பில் முட்டி, 30 சதவீத பிடபிள்யூஎம்மில் அசையாமல் நின்றிருக்கிறது. சுழலாத மோட்டாரில் எதிர் மின்னழுத்தம் உண்டாகாது என்பதால், 12 வோல்ட்டின் 30 சதவீதமான 3.6 வோல்ட்டும் சுருளின் மீதே விழுந்து 1.5 ஆம்பியர் ஓடியது, சப்ளையிலோ 0.45 ஆம்பியர்தான். ஒழுங்காக வேலை செய்தபோது காட்டியதில் இது பாதிகூட இல்லை! ஆனால் சுருளில் சுமார் 5.4 வாட் முழுவதும் வெப்பமாகவே தங்கியது. அந்தச் சிறிய கியர் மோட்டாருக்கு அது அதிகம்.

எனவே, மோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தையே அளக்க வேண்டும். டிஆர்வி8876 போன்ற டிரைவர்கள் மோட்டாரில் ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் 1 மில்லி ஆம்பியர் வீதம் ஒரு தனிக் காலில் தருகின்றன. அங்கே 680 ஓம் மின்தடை வைத்தால் ஆம்பியருக்கு 0.68 வோல்ட் கிடைக்கும். ஆனால் மோட்டாரிலேயே அளந்திருந்தாலும் 1.5 ஆம்பியர் அந்த 2 ஆம்பியர் வரம்பைத் தாண்டியிருக்காது. எனவே வரம்பையும் நிலையான எண்ணாக வைக்காமல், அந்த நேரத்து பிடபிள்யூஎம்முக்கு ஏற்ப மாற்றுவதே சரி என்பது என் கருத்து. கீழே I மோட்டாரின் மின்னோட்டம், R சூடேறாத சுருளின் மின்தடை, D பிடபிள்யூஎம் 0 முதல் 1 வரையிலான பின்னமாக, V சப்ளை மின்னழுத்தம், t மில்லி விநாடியில் கூடும் நேரம்:

```
if (I * R > 0.65 * D * V) t += dt;
else t = 0;
if (t > 200) stall();   // ms
```

I * R-ஐ D * V-ஆல் வகுத்தால் வரும் விகிதம் எடை தூக்கும்போது 0.3, நின்றுபோனால் 1. வரம்பை 0.65-க்குப் பதில் 0.9 என்று வைக்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் செம்புச் சுருளின் வெப்பநிலை 80 டிகிரி கூடினால் அதன் மின்தடை ஏறக்குறைய 31 சதவீதம் கூடி, மின்னோட்டம் குறைந்து, அதே விகிதம் 0.76 ஆகிவிடும், அதாவது மோட்டார் சூடாக ஆக, காவல் கண்ணை மூடிக்கொள்ளும். 200 மில்லி விநாடிக் காத்திருப்பு, கிளம்பும் கணத்தில் எழும் இயல்பான மின்னோட்ட ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்வதற்காக.

எடையை ஏந்தியபடி அசையாமல் நிற்க வேண்டிய மூட்டுக்கு இந்த முறை உதவாது. அங்கே விகிதம் எப்போதும் 1 தான். அதற்கு மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தோடு கூட்டிச் சூட்டைக் கணிக்க வேண்டும். அப்படிப்பட்ட மூட்டில் `stall()` மின்சாரத்தை முழுவதும் துண்டித்தால் கை கீழே விழும் என்பதால், அது முதலில் எடையை மெதுவாக இறக்கிவிட்டுத்தான் மோட்டாரை அணைக்க வேண்டும்.