மொழி தெரியாத இன்ஸ்டோலரில் எதைப் பார்ப்பது?

பரந்தனில் ஓர் அரிசி ஆலைக்காரர் பில் அடிக்க 58 மில்லிமீற்றர் சுருள் தாளில் அச்சடிக்கிற சின்னப் பிரிண்டர் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் ட்ரைவரை விண்டோஸ் கணினியில் ஏற்றப்போனால் இன்ஸ்டோலர் முழுக்கச் சீன மொழியில் வருகிறது. ஆங்கிலமென்றால் எழுத்துக்கூட்டியாவது பார்க்கலாம். இதில் அதற்கும் வழியில்லை.

முதலில் வருவது அனுமதித் திரை. பின்னணி மங்கி, இந்த மென்பொருள் கணினியில் மாற்றம் செய்யலாமா என்ற கேள்வி வரும். கேட்பது இன்ஸ்டோலர் அல்ல, விண்டோஸ். 2007இல் விஸ்டாவோடு பரவலான ஏற்பாடு இது. ஆகவே இன்ஸ்டோலர் எந்த மொழியில் இருந்தாலும் இந்தத் திரை உங்கள் விண்டோஸின் மொழியிலேயே வரும். அதை வாசிக்காமல் விடக்கூடாது. நீலப் பட்டை என்றால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது, அவர் பெயரும் கீழே இருக்கும். மஞ்சள் என்றால் யார் செய்ததென்று விண்டோஸுக்கே தெரியாது. மலிவான பிரிண்டர்களின் ட்ரைவர்களில் மஞ்சள் வருவதுண்டு. அப்போது அது பிரிண்டரோடு வந்த சிடி தட்டிலிருந்து வந்ததா, எங்கோ தேடி இறக்கியதா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான இன்ஸ்டோலர்களில் இந்த அனுமதி எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்படுகிறது. ஒருமுறை ஆம் என்றால் இன்ஸ்டோலருக்கு மட்டுமல்ல, அது தொடக்கிவிடும் மற்ற மென்பொருள்களுக்கும் அதே அதிகாரம் போய்ச்சேரும். மறுபடி யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் பின்னால் வருகிற சின்னச் சதுரங்களுக்கு இவ்வளவு கனம்.

அடுத்து உரிம ஒப்பந்தம். இன்ஸ்டோலர்கள் பலவும் இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ் போன்ற ஒருசில கருவிகளால் செய்யப்படுபவை. மொழி மாறினாலும் திரைகளின் வரிசையும் வடிவமும் பெரிதாக மாறுவதில்லை. நீண்ட உரைப்பெட்டியின் கீழே இரண்டு வட்டங்கள் இருந்தால், மேலே உள்ளது சம்மதம், கீழே உள்ளது மறுப்பு. தொடக்கத்தில் மறுப்பில்தான் புள்ளி இருக்கும், 'அடுத்து' பொத்தானும் மங்கியிருக்கும். சீனத்தில் 我同意此协议(A), 我不同意此协议(D) என்று வரும். இரண்டுக்கும் வேறுபாடு 不 என்ற ஓர் எழுத்து, அதுதான் 'இல்லை'. அடைப்புக்குள் நிற்கும் ஆங்கில எழுத்து விசைப்பலகைக் குறுக்குவழி. சீன எழுத்துகளுக்கு விசைப்பலகையில் தனித்தனி விசை இல்லாததால் ஆங்கில எழுத்தைத் தனியாக எழுதுகிறார்கள். ஆனால் 下一步(N) என்றால் 'அடுத்து', 否(N) என்றால் 'வேண்டாம்'. N எழுத்தை மட்டும் நம்பினால் பிழையாகிவிடும்.

சிலவேளை சீன எழுத்துக்கூட வராது, ÏÂÒ»²½(N) என்று குப்பையாக நிற்கும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். பழைய சீனக் குறியீட்டில் எழுதிய 下一步 என்பதை ஆங்கில விண்டோஸ் தன் குறியீட்டில் வாசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி ட்ரைவரோடு கூடவே வரும் மேலதிகங்கள். வட்டம் என்றால் ஒன்றை மட்டுமே தெரிவுசெய்யலாம். சதுரம் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனி விருப்பம். மங்கிய சரிக்குறி கட்டாயமானது, அழுத்தினாலும் போகாது. பகுதிகளைத் தெரிவுசெய்யும் திரையில் தேவையான இடம் எம்பி கணக்கில் எழுதியிருக்கும், எண்ணை எந்த மொழியிலும் வாசிக்கலாம். ஒரு சரிக்குறியை எடுத்துப் பாருங்கள். சில எம்பி மட்டுமே தேவைப்படும் ட்ரைவரில் ஒரே குறியோடு 80 எம்பி குறைந்தால், அது பிரிண்டருக்கு வேண்டிய பொருளாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் பிறகு இணையத்திலிருந்து இறங்கும் மேலதிகங்கள் இந்தக் கணக்கில் வராது.

அவற்றைக் காட்டிக்கொடுப்பது வரிசை. உரிம ஒப்பந்தம் வழக்கமாக ஒருமுறைதான் வரும். இரண்டாவது தடவை 'சம்மதமா' என்ற வடிவில் ஒரு திரை, அதுவும் வேறொரு சின்னத்தோடு வந்தால், அது இன்னொருவரின் மென்பொருள். ஜாவா இன்ஸ்டோலரோடு ஆஸ்க் டூல்பார் பல ஆண்டுகள் இப்படித்தான், முன்கூட்டியே சரிக்குறி இட்டு, வந்துகொண்டிருந்தது. மறுக்கும் பொத்தானை வேண்டுமென்றே மங்கலாக வரைவதும் உண்டு. Tab விசையைத் தட்டிக்கொண்டே போங்கள். உண்மையில் செயலிழந்த பொத்தானில் தெரிவு நிற்காது. நின்றால் அது வேலை செய்யும் பொத்தான்.

முழுத் திரையும் ஒரே படமாக வரைந்த இன்ஸ்டோலர்களில் இந்த அடையாளங்கள் பலிக்காது. நடுவில் பெரிதாக 立即安装, அதாவது 'உடனே நிறுவு', இருக்கும். ஓரத்தில் சிறிதாக இருக்கும் 自定义, அதாவது 'விருப்பப்படி', என்பதை அழுத்தினால்தான் மறைந்திருக்கும் சதுரங்கள் வெளியே வரும்.

முடிந்ததும் விண்டோஸ் அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து நிறுவிய திகதிப்படி அடுக்குங்கள். ஆலைக்காரரின் பட்டியலில் இன்றைய திகதியில் பிரிண்டரோடு இன்னொரு பெயரும் நின்றால், அதை மட்டும் அங்கேயே நீக்கிவிட்டு ஒரு பில் அடித்துப் பார்க்கலாம். பில் வந்தால், நீக்கியது பிரிண்டருக்குத் தேவைப்படாத பொருள்.