இன்று உதிரும் மிளகாய்ப் பூ, பதினைந்து நாளுக்கு முன்பே கெட்ட பூ

போன ஏப்ரல் கடைசியில் மதுரையில் ஓர் அம்மாவின் மாடித்தோட்டத்துக்குப் போயிருந்தேன். பதினான்கு பைகளில் மிளகாய். செடிகள் இடுப்பு உயரம், இலையில் சுருட்டல் இல்லை, கிளைக்குக் கிளை வெள்ளைப் பூ. ஆனால் காய் இல்லை. "தெனமும் காலையில ஒரு கை பூவைக் கூட்டி அள்ளுறேன் தம்பி. கடைக்காரர் கொடுத்த மருந்தையும் ரெண்டு தடவை அடிச்சுட்டேன்" என்றார்.

உதிர்ந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். காம்போடு சேர்ந்து, கணுவை ஒட்டிய இடத்தில் சுத்தமாகக் கழன்றிருந்தது. பூச்சி கடித்திருந்தால் அப்படி இருக்காது. செடி தானாகவே முடிவெடுத்துக் கழற்றிவிட்ட பூ அது. நான்கைந்து பூக்களை வெள்ளைத் தாளில் தட்டியும் பார்த்தேன். இலைப்பேன் ஒன்றுகூட ஓடவில்லை. அப்புறம் செடியில் இருந்த ஒரே ஒரு கோணல் காயை நறுக்கினோம். உள்ளே ஐந்தாறு விதைகள்தான். நல்ல காயில் விதை நெருக்கமாக நிறைந்திருக்கும். விதை குறைந்திருந்தால் மகரந்தம் போதவில்லை என்று அர்த்தம்.

மிளகாய் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். பூ காலையில் விரியும். ஊதா நிற மகரந்தப் பைகள் பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல் வெடித்துத் தூள் உதிர்க்கும். லேசான காற்றோ தேனீயோ போதும், தூள் நடுவிலுள்ள சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். சுற்றுச்சுவர் உயர்ந்து காற்று ஓடாத மாடியில், ஒன்பது மணிவாக்கில் கிளையை விரலால் இரண்டு தட்டு தட்டினால் அந்த வேலை நடந்துவிடும். இந்த அம்மாவும் தினமும் தட்டித்தான் பார்த்திருக்கிறார். பலனில்லை. ஏனென்றால் தட்டினால் விழ வேண்டிய தூளே உயிரோடு இல்லை.

பலரும் தவறவிடும் இடம் இதுதான். மகரந்தம் பூ விரியும் அன்று உருவாவதில்லை. மொட்டு மிகச் சிறிதாக இருக்கும்போதே, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்பு உருவாகிறது. அந்த நாட்களில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் சொத்தையாகிவிடும். பூ பார்க்க அழகாக விரியும், சூல் பிடிக்காது, சில நாளில் உதிரும். என் வெப்பமானியை அங்கே விட்டுவந்தேன். இரவு ஒன்பது மணிக்குச் சுவரோரப் பைகளுக்குப் பக்கத்தில் 31 டிகிரி. பகலில் வெயில் குடித்த சுவர் இரவெல்லாம் அனலை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீரிலும் தவறு இருந்தது. காலையில் ஒரு முறை நிறைய ஊற்றுவார். மதியம் இரண்டு மணிக்குள் பை காய்ந்து செடி துவண்டுவிடும். தண்ணீர் தட்டினால் செடி முதலில் கைவிடுவது பூவைத்தான். பயந்துபோய் மாலையில் பை ததும்ப ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது, அதற்கும் பூ உதிரும். மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள், அல்லது பையின் ஓரத்தைத் தூக்கி எடையைப் பாருங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

செய்ததெல்லாம் எளிய வேலைகள். பைகளைச் சுவரிலிருந்து மூன்றடி நகர்த்திச் செங்கல் மேல் வைத்தோம். மேலே 50 சதவீத நிழல்வலை. பைக்குள் காய்ந்த இலை மூடாக்கு. தண்ணீரைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்தோம். பொழுது சாய்ந்ததும் தரையில் தண்ணீர் தெளித்தோம்.

அவர் அடித்த மருந்து என்.ஏ.ஏ., அதாவது பூ கழலுவதைத் தாமதப்படுத்தும் வளர்ச்சி ஊக்கி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை மிளகாய்க்கு நட்ட 60, 90 நாட்களில் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் பரிந்துரைக்கிறது. 4.5 சதவீத மருந்தென்றால் நாலரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிதான். அவர் லிட்டருக்கு ஒரு மில்லி கலந்திருக்கிறார், நாலரை மடங்கு. சரியான அளவில் அடித்தாலும் செத்த மகரந்தத்துக்கு உயிர் வராது. அதை நிறுத்தச் சொன்னேன்.

ஐந்தாம் நாளே அவரிடமிருந்து போன் வந்தது: "இன்னும் கொட்டுதே தம்பி." கொட்டத்தான் செய்யும் அம்மா, இப்போது விரிவதெல்லாம் பழைய அனலில் உருவான மொட்டுகள், எதையும் மாற்றாமல் விடுங்கள் என்றேன். மே நடுவில் பிஞ்சு தெரிந்தது. பத்துப் பூவில் மூன்று நின்றது. வெளியே கத்திரி வெயில் அடிக்கும்போது அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வலை பகல் வெயிலைத் தணிக்கும், இரவு அனலை அவ்வளவாகத் தணிக்காது. ஆவணியில் இரண்டு மழை விழுந்த பிறகு பத்துக்கு ஆறேழு நின்றது. அதன்பின் சில பூக்கள் உதிர்ந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. காய் நிறைந்த செடி, தாங்க முடியாத பூவைத் தானே உதிர்த்துவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. காயைப் பச்சையாகவே பறித்துக்கொண்டிருந்தார்.