கேரட்டும் மாற்றும்

கேரட் என்பது முதலில் ஒரு விதையின் பெயர். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் கரோப் மரத்தின் காய் கொம்புபோல வளைந்திருக்கும். அதைக் கிரேக்கர்கள் 'கெராத்தியோன்', அதாவது 'சின்னக் கொம்பு' என்றார்கள். அதன் விதையை எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். சொல் அரபியில் 'கீராத்' ஆகி, இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நம் நகைக்கடைக்கு வந்து சேர்ந்தது.

சரி, கலப்பில்லாத தங்கத்தை 24 கேரட் என்கிறோமே, அந்த 24 எங்கிருந்து வந்தது? பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து ரோமப் பொற்காசு 24 விதை எடை கொண்டது. காசில் 22 விதை எடைக்குப் பொன்னும் மீதி வேறு உலோகமும் இருந்தால் அது 22 கேரட். ஆக, கேரட் இங்கே 24இல் ஒரு பங்கு. வைரத்துக்குச் சொல்லும் கேரட் 200 மில்லிகிராம் எடை. மூலம் ஒன்றுதான், பொருள் வேறு.

தமிழில் தங்கத்தின் தரத்துக்கு நெடுங்காலமாக இருக்கும் சொல் மாற்று. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று மருமகனைப் புகழ்கிறோமே, அந்த மாற்றுதான். பத்தரைதான் உச்சம், கலப்பே இல்லாத பொன். அந்தக் கணக்கில் 22 கேரட் நகை ஒன்பதரை மாற்றுக்குச் சற்று மேலே நிற்கும் (10.5ஐ 22ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் 9.625). அதையே ஆயிரத்துக்கு என்று சொன்னால் 916.

கேரட் ஆனாலும் மாற்று ஆனாலும், பொன் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். மீதி என்ன உலோகம் என்று சொல்லாது. நிறமும் கடினமும் அந்த மீதியைப் பொறுத்துத்தான் மாறுகின்றன.

10 கிராம் சொக்கத்தங்கத்தை 22 கேரட் ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10ஐ 22ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் 10.91 கிராம். அதாவது 0.91 கிராம் கலக்க வேண்டும். அது முழுக்கச் செம்பானால் தங்கம் சிவப்போடும். முழுக்க வெள்ளியானால் மஞ்சள் வெளிறி லேசாகப் பச்சை தட்டும். நமக்குப் பழகிய மஞ்சள் வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும். நாம் 'சவரன்' என்று சொல்லும் அந்த ஆங்கிலேயக் காசு செம்பு கலந்த 22 கேரட். அதனால்தான் அதில் ஒரு செம்மை தெரியும். சிட்னி நாணயச்சாலையின் ஆரம்பகாலச் சவரன்களில் வெள்ளி கலந்தார்கள். கேரட் அதேதான், ஆனால் அவை மஞ்சளாக இருக்கும்.

கடினத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. வெள்ளி அணுவும் தங்க அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு. தங்கத்தின் இடத்தில் வெள்ளி போய் உட்கார்ந்தாலும் அடுக்கு பெரிதாகக் குலைவதில்லை, உலோகம் மெத்தென்றே இருக்கும். செம்பு அணு சிறியது. அது புகுந்த இடமெல்லாம் அடுக்கு கோணி, வளைக்கும்போது எதிர்த்து நிற்கிறது. 75 பங்கு தங்கமும் 25 பங்கு வெள்ளியும் சேர்ந்த 18 கேரட் பச்சைத் தங்கம் எளிதாக நசுங்கும். அதே 75 பங்கு தங்கத்தோடு பெரும்பாலும் செம்பைச் சேர்த்த ரோஸ் கோல்டு அதைவிடப் பல மடங்கு கடினம்.

இந்தச் சிவப்புத் தங்கத்துக்கு ஒரு குணம் உண்டு. பட்டறையில் நெருப்பில் காய்ச்சி இளக்கியதும் உடனே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். தானாக ஆறட்டும் என்று விட்டால், சுமார் 400 டிகிரிக்குக் கீழே தங்கமும் செம்பும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் படலம் படலமாக அடுக்கிக்கொள்ளும். அப்புறம் கம்பியை வளைத்தால் வளையாது, விரிசல் விடும். கலவையில் தப்போ என்று தோன்றும். தப்பு ஆறவிட்ட விதத்தில் இருக்கும்.

உரைகல்லிலும் இந்த மீதி உலோகம் ஏமாற்றும். நகையைக் கறுப்புக் கல்லில் உரசி, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த உரையாணியை உரசி, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிடுவார்கள். நகையில் செம்பு கூடுதல், ஆணியில் வெள்ளி கூடுதல் என்றால், மாற்று ஒன்றாகவே இருந்தும் கோடுகள் ஒத்துப்போகா. அதனால் செம்புக் கலப்புக்கு ஓர் ஆணி வரிசை, வெள்ளிக் கலப்புக்கு இன்னொன்று வேண்டும். கோட்டின் மேல் அமிலம் விட்டு எவ்வளவு கரைகிறது என்றும் பார்ப்பார்கள். அப்படியும் அது கண் மதிப்பீடுதான். 916ஆ, 900ஆ என்று துல்லியமாகப் பிரிக்க அது போதாது.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 'கேரட்'டை எடுத்துவிட்டு '22 மாற்று' என்று போடுவதைப் பார்க்கிறேன். அது தவறு; மாற்றுக்கு உச்சமே பத்தரை. தரம் என்ற பொருளுக்கு மாற்று என்றே எழுதலாம். 22 என்ற எண் வந்தால் கேரட்டை விட்டுவையுங்கள்.