நொதியடக்கிக் குறைவு: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினுக்கு ஒரு சொல் விளக்கம்

"ஆல்ஃபா-1 எதிர்ப்புச் சக்திக் குறைபாடு." ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் டெஃபிஷியன்சி என்று ஆங்கிலத்தில் சொல்லும், நுரையீரலைக் கெடுக்கும் பரம்பரை நோய்க்குத் தமிழில் ஒட்டிய பெயர் இது. மருத்துவ முகாம் மைக்கில் கேட்டாயிற்று, துண்டுப் பிரசுரத்தில் படித்தாயிற்று, போன வாரம் ஒரு வார இதழின் கேள்வி பதிலிலும் பார்த்தாயிற்று. இனியும் பொறுக்க முடியவில்லை. முப்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏறமுடியாமல் நிற்கிற மனிதனுக்கு இந்தப் பெயரைச் சொன்னால், அவன் உடம்பில் நடப்பதற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் பெயர் வந்த வழி. ரத்தத்தின் தெளிநீரை ஒரு தாளில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதிலுள்ள புரதங்கள் வேறுவேறு வேகத்தில் ஓடிப் பட்டை பட்டையாக நிற்கும். ஆல்புமின் முன்னால் ஓடும். அதற்கு அடுத்து நிற்கும் பட்டைக்கு ஆல்ஃபா-1 என்று பெயர். அந்தப் பட்டையில் பெரும்பங்கு ஒரே புரதம்தான். அது கணையத்தில் சுரக்கும் ட்ரிப்சின் என்ற நொதியைச் சோதனைக் குழாயில் முடக்கிவிட்டதால் ஆன்டிட்ரிப்சின் என்று எழுதிவைத்தார்கள். ட்ரிப்சினுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் கூனெ, 1870களில். என்சைம் என்ற சொல்லும் அவர் உருவாக்கியதுதான். 1963இல் சுவீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் என்ற இருவர், சில நோயாளிகளின் தாளில் ஆல்ஃபா-1 பட்டையே இல்லாததைக் கவனித்தார்கள். அந்தச் சிலரில் பலருக்கு இளம் வயதிலேயே நுரையீரல் கெட்டிருந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்த கதை அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புரதத்துக்கு உடம்பில் ட்ரிப்சினோடு பெரிய வேலை ஏதும் இல்லை. அதன் உண்மையான இலக்கு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வெளியிடும் எலாஸ்டேஸ் என்ற நொதி. கிருமியையும் சிதைந்த திசுவையும் அரித்துத் தின்பதற்காக வெள்ளணு வைத்திருக்கும் அரிவாள் அது. நுரையீரலின் காற்றறைகள் விரிந்து சுருங்குவதற்கு எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள நார் வேண்டும். எலாஸ்டேஸ் அந்த நாரையும் தின்னும். அதனால் ஈரல் நாள் முழுக்க இந்தப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அது நுரையீரலுக்குள் கசிந்துபோய், வேலை முடிந்து சுற்றித் திரியும் எலாஸ்டேஸைப் பிடித்து முடக்கிவிடுகிறது. பிடித்த புரதமும் அதோடு தீர்ந்துபோகும். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு.

ஆகவே இங்கே குறைந்திருப்பது எதிர்ப்பு அல்ல. எதிர்ப்பு ஜாம்ஜாம் என்று இருக்கிறது. அது வரம்பு மீறாமல் பிடித்து வைக்கும் மூக்கணாங்கயிறுதான் இல்லை. 'எதிர்ப்புச் சக்திக் குறைபாடு' என்று சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? எய்ட்ஸை நினைப்பார், அடிக்கடி காய்ச்சல் வருவதை நினைப்பார், கொரோனா காலத்துக் கபசுரக் குடிநீரை நினைப்பார். வெள்ளணுவுக்கு இன்னும் பலம் சேர்க்கத்தான் அவருக்குத் தோன்றும். பலம் சேர்க்கவேண்டிய இடம் அதுவே இல்லையே.

மொழிபெயர்ப்பாளர் செய்தது எனக்குப் புரிகிறது. அகராதியைத் திறந்திருப்பார், 'ஆன்டி' என்றால் எதிர்ப்பு என்று இருந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் 'சக்தி' தானாக வந்து ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் எதிர்ப்பு என்று எழுதினாலே சக்தி என்று முடிக்கிற பழக்கம் நம் கைகளுக்கு வந்துவிட்டது. ட்ரிப்சின் என்ற சொல்லை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார். இப்படித்தான் ஒரு புரதத்தின் பெயர் ஒரு லேகிய விளம்பரமாக மாறுகிறது. இன்னொரு கட்சி 'எதிர்ப்பொருள்' என்கிறது. அது கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடிக்குப் பல பாடநூல்களில் பழகிப்போன சொல். அதை இங்கே கொண்டுவந்தால் பத்தாம் வகுப்புப் பையனே குழம்புவான்.

மூன்றாவதாக 'ஆல்ஃபா-1 சத்துக் குறைபாடு' என்றும் ஒன்று உலவுகிறது. இது முதலாவதைவிட மோசம் என்பேன். காரணம், திருப்பரங்குன்றம் பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர். வயது 36. பதினேழு வயதிலிருந்து பீடி, நாளுக்கு ஒரு கட்டு. முப்பத்திரண்டில் இளைப்பு ஆரம்பித்தது. முதலில் காசநோய் என்று நினைத்துச் சளி பரிசோதித்தார்கள், இல்லை. பிறகு ஆஸ்துமா என்று மூன்று வருஷம் இன்ஹேலர். குழாயில் ஊதும் பரிசோதனை எடுத்தபோது, முதல் நொடியில் வெளியே தள்ளும் காற்று அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதில் 38 சதவீதம்தான் இருந்தது. மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னால் பெரிதாக ஏறவில்லை. ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் ஏறியிருக்கும். சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் கீழ்ப்பாகம் மேல்பாகத்தைவிட அதிகம் சிதைந்திருந்தது. பீடியால் மட்டும் வரும் சிதைவு வழக்கமாக மேல்பாகத்தில் தொடங்கும். இந்த இடம் மாற்றத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் ஆல்ஃபா-1 அளவு பார்க்கச் சொன்னார். எங்கள் ஆய்வகத்தில் வந்த எண் டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம். 90க்கு மேல் இருக்கவேண்டும். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது இந்த அளவு தற்காலிகமாக ஏறும், அப்போது எடுத்தால் ஏமாற்றிவிடும். அதற்காக, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுகிற சி.ஆர்.பி. என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்த்தோம். அது இயல்பாகவே இருந்தது.

'சத்துக் குறைபாடு' என்று யாரோ அவருடைய வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை ரிசல்ட் வாங்க வந்தபோது என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஆட்டுக்கால் சூப்பும் முருங்கைக்கீரையும் விடாம குடுக்கிறேன், இன்னும் எத்தனை நாளைக்குக் குடுக்கணும்?" பீடியைப் பற்றி அவரிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சத்து என்ற சொல் கைகாட்டுவது அடுப்படியை, பீடிக் கட்டை அல்ல.

பீடிதான் இங்கே முக்கியம், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்தப் புரதம் எலாஸ்டேஸைப் பிடிப்பது ஒரு கண்ணியை நீட்டி. கண்ணியின் நுனியில், 358ஆவது இடத்தில், மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. புகையிலுள்ள ஆக்சிஜனேற்றப் பொருட்கள் அதைக் கெடுத்துவிடும். கெட்டபின் எலாஸ்டேஸைப் பிடிக்கும் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் விழுந்துபோகிறது. அளவு இருக்கும், வேலை நடக்காது. அதே புகை இன்னொரு பக்கம் மேலும் மேலும் வெள்ளணுக்களை நுரையீரலுக்குள் வரவழைக்கிறது, அவை வரும்போது எலாஸ்டேஸும் வருகிறது. 100, 150 என்று அளவு உள்ளவரிடமும் இது நடக்கிறது. ஆனால் அவரிடம் கையிருப்பு அதிகம், அதனால் ஐம்பது அறுபது வயது வரை தள்ளிப்போகும். நுரையீரலைக் காக்கக் குறைந்தது 57 மில்லிகிராம் அளவாவது தேவை என்று கணக்கு. 18 உள்ளவருக்கு அந்தக் கையிருப்பே இல்லை. மிச்சம் இருப்பதையும் புகை கெடுத்தால் முப்பதுகளிலேயே காற்றறைகள் இடிந்து ஒன்றோடொன்று கலந்து பெரிய ஓட்டைகளாகிவிடும். இதே அளவுள்ள, புகைக்காத ஆள் பல வருஷம் பிந்தித்தான் மூச்சுத் திணறுவார். சிலர் ஒன்றும் தெரியாமலேயே முதுமை வரை போவதும் உண்டு.

இன்னொன்று. ஐரோப்பாவில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் 'இசட்' என்ற மரபணு மாற்றம். அங்கே புரதத்தின் 342ஆவது இடத்தில் ஒரு எழுத்துப் பிழை. புரதம் உற்பத்தியாகிறது, ஆனால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஈரலுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது, பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்துக்கு வரும். சிலருக்கு ஈரலும் கெடுவது அதனால்தான். நம் பக்கத்தில் இசட் மிக அபூர்வம். ஆகவே இளம் வயதில் மூச்சுத் திணறுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வேறாக இருக்கும்: பழைய காசநோய்த் தழும்பு, விறகடுப்புப் புகை, பீடியே. ஆட்டோக்காரருக்கும் இசட், எஸ் என்ற இன்னொரு மாற்றம் இரண்டுக்குமான சோதனை 'இல்லை' என்றுதான் வந்தது. அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அளவு 18 என்பதால் மருத்துவர் மரபணுவை முழுதாகப் படிக்க அனுப்பினார். அரிய மாற்றம் ஒன்று, அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும். ஆட்டோக்காரருடைய அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். மாமனைக் கட்டுகிற ஊரில் அரிய பிழை இரண்டு பக்கமும் வந்து சேர்வதற்கு வாய்ப்பு கூடும், அதில் மர்மம் ஏதுமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? மருத்துவ உலகிலேயே ஆன்டிட்ரிப்சின் என்ற பெயர் பொருந்தாது என்று கண்டு, ஆல்ஃபா-1 புரோட்டினேஸ் இன்ஹிபிட்டர் என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்திருக்கிறார்கள். புரோட்டினேஸ் என்றால் புரதத்தை அரிக்கும் நொதி. அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. என்சைமுக்கு நொதி நன்றாக வேரூன்றிவிட்டது, மாவு நொதிப்பதிலிருந்து வந்த சொல், எல்லோருக்கும் புரியும். இன்ஹிபிட்டருக்குத் 'தடுப்பி' என்பார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு, தடுப்பு என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வந்து மறுபடி பழைய குழப்பத்துக்கே போய்விடுவோம். 'ஒடுக்கி' கொஞ்சம் கடுமை. 'அடக்கி' சரியாக உட்காருகிறது: நொதியடக்கி. ஆய்வக அறிக்கையோடு ஒத்துப்பார்க்க ஆல்ஃபா-1 என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தூய்மைக்காக அதை 'முதலாம் முதலெழுத்து' என்றெல்லாம் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தாளில் அச்சானதோடு பொருந்தாத தமிழ் நோயாளிக்கு உதவாது.

'குறைபாடு' என்பதையும் விடச் சொல்வேன். அது ஊனம், பிழை, போதாமை மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது, போதாக்குறைக்குச் சத்தையும் இழுத்துவருகிறது. 'குறைவு' போதும். ஆல்ஃபா-1 நொதியடக்கிக் குறைவு. அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான்: உங்க வீட்டுக்காரர் உடம்புல அரிக்கிற நொதியை அடக்குற பொருள் கம்மி, இருக்கிற கொஞ்சத்தையும் பீடி கெடுக்குது. சூப் எங்கே என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்காரருடைய தம்பிக்கும் பார்க்கணுமா என்றுதான் கேட்டார்.

பார்க்கத்தான் வேண்டும். பெற்றோர் இருவரிடமும் ஒரு பிழைப் பிரதி இருந்தால், ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு, ஒற்றைப் பிரதியோடு இருக்க இரண்டில் ஒன்று. தம்பிக்கு 74 வந்தது. ஒற்றைப் பிரதி. சிகரெட் தொடாவிட்டால் பெரிய கவலை இல்லை, தொட்டால் மற்றவரைவிட ஆபத்து கூடுதல்.

அண்ணனுக்கு இடிந்த காற்றறை திரும்பி வராது. தானம் கிடைத்த ரத்தத்திலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்து வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் சிகிச்சை 1987 முதல் அமெரிக்காவில் உண்டு, கிலோ எடைக்கு 60 மில்லிகிராம் என்ற கணக்கில். சிதைவின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. செலவும் ஷேர் ஆட்டோ வருமானத்துக்கு எட்டாதது. புகையை நிறுத்தாதவருக்கு அதைக் கொடுப்பதும் இல்லை. அவர் பீடியை நிறுத்திவிட்டார், இன்ஹேலர் தொடர்கிறது.

ஒரு விதிவிலக்கு மிச்சம். சிலருக்கு மரபணு அறவே வேலை செய்யாது, ரத்தத்தில் இந்தப் புரதம் அளக்கும் அளவுக்குக் கூட இருக்காது. இசட் போல ஈரலில் எதுவும் தேங்குவதில்லை, ஆகவே ஈரல் பாதிக்கப்படாது, நுரையீரல் மட்டும் வெகு சீக்கிரம் போகும். அவர்களுக்குக் 'குறைவு' என்று எழுதுவது தவறு. நொதியடக்கி இன்மை என்றே எழுதவேண்டும்.